தொடையில் இருந்த வெள்ளைத் தடம்

கோயில் தட்சிணாமூர்த்திக்குப் புதுக் கை வெட்டவிருந்த ஸ்தபதி ஐயா, நான் திருத்திக் கொடுத்த சிலைப் படத்தின் பிரிண்டை மேசையில் விரித்து வைத்து, முன் இடக்கை மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்தக் கை தொடையைத் தொட்டிருக்கா, இல்லையா?"

"தொடலை ஐயா. சுவடி பிடிச்சிருக்கு."

"எதை வெச்சு சொல்றீங்க?"

"பக்கத்து ஊர் தட்சிணாமூர்த்தியை வெச்சு. அதே காலம், அதே வேலைப்பாடு."

"அது இதுல போட்டிருக்கா?"

"படத்துக்குக் கீழே எழுதியிருக்கேன் ஐயா."

அவர் பிரிண்டின் அடிப்பகுதியை என் பக்கம் திருப்பினார். கீழே எதுவும் இல்லை. யாரோ படத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 'முன் இடக்கை மீட்டுருவாக்கம்' என்று நான் எழுதிய வரி படத்துக்கு வெளியே இருந்ததால் அதுவும் வெளியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்த மூன்று கேள்விகளும் இன்னும் என்னை விடவில்லை.

சிலை இப்போதும் கோயிலில்தான் இருக்கிறது. தெற்குக் கோஷ்டம், சோழர் காலம். ஆனால் பழைய திருப்பணி ஒன்றில் உடைந்த மணிக்கட்டில் சிமென்ட் கை வைத்து, தொடை வரை பூசிவிட்டார்கள். அதனால் உடைந்த நிலையைக் காட்டும் சாட்சி எங்களிடம் இருந்த கண்ணாடி நெகட்டிவ் ஒன்றுதான். ஆறரைக்கு எட்டரை அங்குலத் தட்டு. கண்காட்சிக்காக அதை ஸ்கேன் செய்து, சுத்தம் செய்து, உடைந்த கையை நிரப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

கையை நான் கவனமாகத்தான் செய்தேன். தட்சிணாமூர்த்தியின் முன் வலக்கை சின்முத்திரை என்பதில் சந்தேகமே வராது, அது உடையவும் இல்லை. சிக்கல் முன் இடக்கையில்தான். சில இடங்களில் அது சுவடி ஏந்தியிருக்கும், சில இடங்களில் மடித்த இடக்காலின் மேல் சும்மா படிந்திருக்கும். பக்கத்து ஊர் சிலையில் சுவடி. அந்தக் கையைப் படம் எடுத்துக் கொண்டுவந்தேன். அதில் வெளிச்சம் வலமிருந்து விழுந்திருந்தது, தட்டில் இடமிருந்து. அப்படியே ஒட்டினால் தெரிந்துவிடும் என்று விரல்களின் நிழலை ஒவ்வொன்றாக மாற்றி வரைந்தேன். தட்டின் மணல் போன்ற துகளைக்கூட அதில் சேர்த்தேன். எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு அதை நல்ல வேலை என்றுதான் நினைத்தேன். இன்றைக்கும் கைவேலையாக அது நல்ல வேலைதான்.

அன்று இரவு மூல ஸ்கேனைத் திறந்தேன். எந்தத் திருத்தமும் செய்யாத கோப்பைத் தனியாக வைப்பது எங்கள் வழக்கம், அந்த அளவுக்குப் பிழைத்தேன். இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைத் தடம் இருந்தது. என் திருத்தப் பிரதியில் அது இல்லை. கையைத் தொடுவதற்கு முன்பே, சுத்தம் செய்த முதல் நாளே, ஹீலிங் பிரஷ் வைத்து அதை நான் அழித்திருந்தேன்.

ஏன் அழித்தேன் என்றும் தெரியும். அந்தத் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் ஒளி மறைந்து படத்தில் வெள்ளையாக விழும், ஜெலட்டின் உரிந்த இடம் கறுப்பாக விழும். நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளை வரிசையாகத் துடைத்துக்கொண்டு வரும்போது கை தானாக ஓடும். ஆனால் தட்டின் குறையையும் கல்லின் காயத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு, எனக்கும் அது தெரியும். தூசிக்குச் சிலையின் வளைவைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே வெள்ளையாக, விளிம்பு வெட்டினாற்போல் இருக்கும். கல் உடைந்த இடத்தில் மேடு பள்ளம் இருக்கும், அதனால் வெளிச்சம் வரும் பக்கத்து விளிம்பு ஒரு மாதிரியும் எதிர் விளிம்பு ஒரு மாதிரியும் தெரியும். எண்ணெய் ஏறிக் கறுத்த சிலையில் உடைந்த முகம் வெளுப்பாகவும் சொரசொரப்பாகவும் நிற்கும். நான் அழித்த தடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு விளிம்பில் மெல்லிய நிழல், உள்ளே சொரசொரப்பு. அது கல்.

அப்படியானால் கை தொடையைத் தொட்டிருக்கிறது. சுவடி இல்லை, கை படிந்துதான் இருந்திருக்கிறது. இப்படி எழுதும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது: சுவடியின் கீழ் நுனி தொடையில் ஊன்றியிருந்தாலும் தடம் விழுமே. தடத்தின் அகலம் கிட்டத்தட்ட நாலு விரல் அளவு. உள்ளங்கைக்கும் பொருந்தும், ஓலைக் கட்டுக்கும் பொருந்தும். ஆக நான் செய்த கை தப்பு என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. முடிவு எப்படியிருந்தாலும், அதற்கான ஆதாரத்தை நானே துடைத்துவிட்டு, துடைத்த இடத்தின் மேல் என் ஊகத்தை வைத்தேன். 'மீட்டுருவாக்கம்' என்ற வரி அந்தக் கையைப் பற்றித்தான் சொன்னது. தொடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சிட்டை வெட்டப்படாமல் இருந்திருந்தாலும் அது பாதி உண்மைதான்.

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1506இல் ரோமில் லவோகூன் சிலை கிடைத்தபோது வலக்கை இல்லை. மேலே நீட்டிய கை ஒன்றைச் செய்து வைத்தார்கள். நானூறு வருடம் கழித்து ஒரு கல்வேலைக் கூடத்தில் மூலக் கை கிடைத்தது, அது முதுகுப் பக்கம் மடங்கியிருந்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று 1964 வெனிஸ் சாசனம் சொல்வதற்கு இதுமாதிரி அனுபவங்கள்தான் பின்னணி. எனக்கு இவை எல்லாம் தெரியும், பயிற்சி வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அந்தச் சாசனம் கட்டடத்துக்கும் கல்லுக்கும், நான் தொட்டது வெறும் படத்தை என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். படத்தைப் பார்த்துக் கல்லை வெட்டுவார்கள் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்தபதியைப் போனில் கூப்பிட்டுத் தடத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். நேற்று எனக்கே தெரியாது என்றேன். "கும்பாபிஷேகத்துக்கு நாள் வெச்சாச்சு. பின்னமான கையோட சாமியை விட முடியாது. சுவடியும் சாஸ்திரத்துல உள்ளதுதான்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. கும்பிட வருகிறவர்களுக்குச் சாமி முழுசாக வேண்டும். அதை ஊகம் என்று சொல்லிக் கோஷ்டத்தில் சிட்டை ஒட்டி வைக்க முடியுமா?

இப்போது நான் வேலை செய்யும் விதம் வேறு. சேர்த்த பகுதியில் துகளும் இல்லை, நிழலும் இல்லை. தட்டையான ஒரே சாம்பல் நிறம், அதன் மேல் மெல்லிய செங்குத்துக் கோடுகள். ஓவியச் சீரமைப்பில் இத்தாலியர்கள் கையாளும் கோட்டு முறையிலிருந்து எடுத்துக்கொண்டது. தள்ளி நின்றால் உருவம் முழுமையாகத் தெரியும், கிட்டே வந்தால் கோடு தெரியும். படத்தை எப்படி வெட்டினாலும் கோடு கூடவே போகும். துடைத்த இடங்களைத் தனி லேயரில் வைத்து, சிலையின் உடம்பில் விழுந்த ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு வரி எழுதுகிறேன். அசிங்கமாக இருக்கிறது என்று கண்காட்சிக்காரர்கள் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை விட்டுக்கொடுத்தேன்.

போன மாதம் அந்த ஊர்ப் பக்கம் போனபோது கோயிலுக்குள் போனேன். வியாழக்கிழமை, கூட்டம். கொண்டைக்கடலை மாலைக்குக் கீழே, நான் வரைந்த அதே விரல் வளைவோடு, கல்லில் சுவடி. மணிக்கட்டில் இணைப்பு இன்னும் தெரிகிறது, புதுக் கல் வெளுப்பாக இருக்கிறது. குருக்கள் எண்ணெய்க் காப்பு சாத்திக்கொண்டிருந்தார். தோளிலிருந்து வழிந்த எண்ணெய் இணைப்பைத் தாண்டி விரல் நுனி வரை வந்தது. விரல் இடுக்குகள் ஏற்கனவே கறுக்கத் தொடங்கியிருந்தன.