தாயக்கட்டையில் தொடங்கி சீட்டுக்கட்டு வரை: நிகழ்தகவில் எண்ணிப் பழகிய கதை

அக்கா மகள் காங்கேயத்தில் பத்தாவது படிக்கிறாள். நிகழ்தகவுக் கணக்குச் சொல்லித் தருவது என் பொறுப்பாயிற்று. சூத்திரம் என்று பார்த்தால் ஒன்றுதான்: நமக்கு வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வகுப்பது அவளுக்கு வந்தது, எண்ணுவதுதான் வரவில்லை. இரண்டு பகடைக்கு மொத்தம் 21 விளைவுகள் என்று எழுதி வைத்திருந்தாள்.

"இரண்டும் அஞ்சும் விழுந்தா என்ன, அஞ்சும் இரண்டும் விழுந்தா என்னங் மாமா? எதுக்கு ரெண்டு தடவை எழுதோணும்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். வரிசை முக்கியம் என்று சொல்லி வாயடைத்துவிட்டால் காரணம் தெரியாமலே போய்விடும். அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வைத்தேன். கட்டைக்கு நாலு பக்கம்: மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், நாலாவது வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் வந்தால் தாயம்.

ஒரு கட்டையின் நுனியில் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். இப்போது பன்னிரண்டு விழ ஒரே வழிதான், இரண்டும் வெறுமையாக வேண்டும். தாயம் விழவோ இரண்டு வழி: சிவப்பில் புள்ளி வரலாம், மற்றதில் வரலாம். "பூச்சைத் துடைச்சுட்டா தாயம் விழறது பாதியாக் குறைஞ்சிருமா அம்மிணி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கட்டைக்குக் கவலையில்லை.

ஆக மொத்தம் 4 × 4 = 16. தாயத்துக்கு 2/16, பன்னிரண்டுக்கு 1/16. வரிசையைப் பாராமல் ஜோடிகளை மட்டும் எழுதினால் பத்துதான் வரும், இரண்டுக்கும் 1/10 என்று ஒரே விடை கிடைக்கும். ஆடிப் பார்த்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். நெடுநேரம் உருட்டினால் தாயம் பன்னிரண்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விழும். கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு முடிவுக்கு வரக்கூடாது, அவ்வளவுதான். அந்த ஜோடிகள் பத்தும் சமவாய்ப்புள்ளவை அல்ல, அதனால் அவற்றை வைத்து வகுக்க முடியாது. இந்த இடத்தில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்று 1754-இல் எழுதினார். சரியான விடை 3/4.

அப்புறம் பகடைக்கு வந்தோம். கூடுதல் 8-ஐ விடப் பெரிது, அல்லது இரண்டிலும் ஒரே எண்: இதுதான் கணக்கு. அவள் நினைவுக்கு வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போனாள். நான் முதல் பகடையைப் பிடித்து நிறுத்தச் சொன்னேன். முதலில் 1 அல்லது 2 விழுந்தால் 8-ஐத் தாண்டவே முடியாது. 3 என்றால் அடுத்தது 6 மட்டும். 4 என்றால் 5, 6. 5 என்றால் 4, 5, 6. 6 என்றால் 3, 4, 5, 6. படிக்கட்டு மாதிரி 1 + 2 + 3 + 4 = 10. ஒரே எண் விழுபவை 6. அவற்றில் (5, 5), (6, 6) ஏற்கனவே பத்துக்குள் வந்துவிட்டன. எனவே 10 + 6 − 2 = 14, விடை 14/36, அதாவது 7/18.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. இந்த மாதிரிக் கணக்கில் (4, 5) இருந்தால் (5, 4)-ம் இருந்தாக வேண்டும். ஒரே எண் விழுபவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணினால் இரட்டைப்படையாக வரவேண்டும். நம் பட்டியலில் 14-இல் 6 போனால் 8, சரி. முதல் பகடை, இரண்டாம் பகடை என்று கேள்வியே பிரித்துச் சொன்னால் இந்தச் சோதனை செல்லாது.

சீட்டுக்கட்டில்தான் வேறு சிக்கல். அவள் சீட்டுக்கட்டையே கையில் எடுத்துப் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் பிள்ளைகள் முன்னால் சீட்டை எடுக்கவே மாட்டார்கள், ஆனால் பரீட்சையில் மட்டும் கேட்பார்கள்! ஒரு கட்டு வாங்கி வந்து, நாலு வகையையும் வகைக்கு 13 சீட்டாகத் தரையில் பரப்பினேன். ராஜா அல்லது ஹார்ட் என்றால் ஹார்ட் வரிசையில் 13, அதற்கு வெளியே ராஜா 3, மொத்தம் 16. விடை 16/52 = 4/13. கண்ணால் பார்த்ததும் 17 என்று எழுதுவதை அவளே நிறுத்திவிட்டாள்.

இரண்டு சீட்டை ஒருசேர எடுத்தால் அங்கேயும் வரிசை பார்க்கணுமா என்று அடுத்து கேட்டாள். அவள் பாடத்தைத் தாண்டிய கேள்வி, ஆனாலும் செய்து பார்த்தோம். இரண்டும் ஹார்ட்டாக இருக்க, வரிசையோடு எண்ணினால் 13 × 12 = 156, மொத்தம் 52 × 51 = 2652. வரிசையை விட்டால் இரண்டும் சரிபாதியாகி 78, 1326. எப்படி எண்ணினாலும் 1/17. எடுத்த சீட்டைத் திருப்பி வைக்காததால் ஒரே சீட்டு இருமுறை வராது. அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் சரியாக இரண்டு வரிசைகள், தாயக்கட்டையின் பன்னிரண்டு போல ஒற்றை வழி உள்ளது எதுவும் அங்கே கிடையாது. மேலேயும் கீழேயும் ஒரே முறையில் எண்ணினால் போதும்.