ஒரு ஜிமிக்கி, மூன்று படம், ஐந்து ரிட்டர்ன்

"படத்துல தக்காளி கலரு, வந்திருக்கிறது பீட்ரூட் கலரு" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அந்த மாதம் திரும்பி வந்த ஐந்தாவது ஜிமிக்கி அது. போக வர கூரியர் காசு அக்கா தலையில்தான் விழும். அக்கா வீட்டிலிருந்தே கவரிங் நகை விற்கிறாள், படம் என் பொறுப்பு. ஆகவே திட்டும் எனக்குத்தான்.

நடுவில் அடர் சிவப்புக் கல், சுற்றிலும் வைரம் மாதிரி மின்னும் ஏடி கல், கீழே முத்துக் கொத்து. இதற்கு எங்களிடம் மூன்று படங்கள் இருந்தன. ஒன்று காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்தது, ஒன்று எங்கள் லைட் பாக்ஸில், அதாவது எல்இடி வைத்த வெள்ளைப் பெட்டியில் எடுத்தது, இன்னொன்று காலையில் ஜன்னலோரம் எடுத்தது. மூன்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு "எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன். பத்தே நிமிடத்தில் எல்லோரும் ஸ்டுடியோ படத்தைச் சொல்லிவிட்டார்கள். அதையே ஏற்றினோம்.

தப்பு அந்தக் கேள்வியிலேயே இருந்தது. "எது நல்லா இருக்கு" என்று கேட்டால் கண் வெளிச்சம் கூடுதலான படத்தின் பக்கம்தான் போகும். போதாததற்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், கல்லைப் பிடித்திருக்கும் கம்பி நகங்களெல்லாம் மசமசவென்று ஆகிவிடும். இதைவிடக் கொடுமை, நான் நிறம் பார்த்தது இரவு பதினொரு மணிக்கு. போனில் கண் கூசாமல் இருக்க வைத்த மஞ்சள் வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் எந்தச் சிவப்பும் சரியான சிவப்பாகத் தெரியாது.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தோம். மூன்று படங்களின் வெளிச்சத்தையும் ஏறக்குறைய ஒன்றாக்கி, எது எங்கே எடுத்தது என்று சொல்லாமல், படம் சுருங்காமல் இருக்க டாக்குமென்ட்டாக அனுப்பினேன். பளபளப்பு எதில், வேலைப்பாடு எதில் என்று தனித்தனியாகக் கேட்டேன். நிறத்தை மட்டும் குழுவில் கேட்கவே இல்லை. அக்காவும் அத்தையும் ஜிமிக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, பகலில் பால்கனி நிழலில் நின்று, போனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

ஒவ்வொன்றில் ஒவ்வொரு படம் ஜெயித்தது. பளபளப்பில் ஸ்டுடியோ. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் சிவப்புக் கல் ஒரே திட்டாக இருக்கிறது, பட்டைகளே இல்லை. நிறத்தைத் தூக்கிவிட்டதில் சிவப்பு எல்லை தாண்டி, உள்ளே இருந்த விவரம் அழிந்துவிட்டது. பீட்ரூட் தக்காளியானதும் அங்கேதான். வேலைப்பாட்டில் லைட் பாக்ஸ். முத்துக்குப் போட்ட ஓட்டை வரைக்கும் தெரிந்தது, ஆனால் ஏடி கல் பால் மாதிரி செத்துக் கிடந்தது. எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருந்தால் கல்லுக்குப் பிரதிபலிக்க இருட்டே கிடைக்காது, இருட்டு இல்லாமல் மின்னல் ஏது? அதில் சிவப்பும் மங்கல்தான். விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் எண் சிஆர்ஐ. எல்இடி பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருந்ததை நம்பி வாங்கியிருந்தேன். அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி, அடர் சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை. அதை ஆர்9 என்று தனியாகச் சொல்வார்கள், மலிவு விளக்குகள் அங்கேதான் சறுக்கும். கெம்பு, ரூபி நிறக் கல் விற்பவர்கள் விளக்கு வாங்கும்போது ஆர்9 எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தில் ஜன்னல் படம், சந்தேகமே இல்லை.

"அப்போ ஜன்னல்லயே மின்ன வைடி" என்றாள் அக்கா.

முதல் நாள் வீண். ஒரு பக்கம் ஜன்னல், மேலே டியூப் லைட், எதிரே டார்ச். ஜிமிக்கியின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட கேமராவில் இருக்கும் ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம்தான் சரியானது. மறுநாள் எல்லா விளக்கையும் அணைத்தேன். சாம்பல் அட்டையை நகை இருக்கும் இடத்தில் வைத்து ஒயிட் பேலன்ஸைப் பூட்டினேன். சிவப்பு பொங்காமல் இருக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினேன். டார்ச்சுக்குப் பதில் அக்காவின் பவுடர் டப்பாக் கண்ணாடி. அது ஜன்னல் வெளிச்சத்தையே திருப்பித் தருவதால் நிறம் மாறாது. படத்தில் வராத தூரத்தில் ஒரு பக்கம் கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்தினேன். கண்ணாடியை அரை அங்குலம் சாய்த்ததும் ஏடி கல் வரிசையில் நாலைந்து மட்டும் சுரீரென்று பற்றிக்கொண்டன, பக்கத்துக் கற்கள் இருண்டன. அதுதான் வேண்டும். முப்பது படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தோம்.

ஆனாலும் இறுக்கமான வேலைப்பாட்டைக் காட்ட அந்தப் படம் போதவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு, ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, கிட்டத்தில் இன்னொன்று எடுத்து இரண்டாவதாகச் சேர்த்தோம். விவரத்தில் "சிவப்பு" என்பதை "மெரூன் பக்கம் சாயும் அடர் சிவப்பு" என்று மாற்றினாள் அக்கா. சில போன்களில் எல்லா நிறமும் தூக்கலாகத் தெரியும், அதற்கு இதுதான் வழி.

அப்புறம் போனதில் ஒரு ஜோடிதான் திரும்பி வந்திருக்கிறது. திருகாணி காதில் ஏறவில்லையாம்.