சம்பளத் துண்டு முதலில்

ஹட்டன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு நேர்முகத்துக்குப் போகும் டிசைனர் பிள்ளைகள் சிலர் தங்கள் ஸ்லைடுகளை என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அநேகமாக அது ஒரு கல்யாண அல்பம் மாதிரி இருக்கும்: லோகோ, போஸ்டர், தேயிலைப் பக்கெட், திருவிழா பெனர். பார்ப்பவர் "நல்லாயிருக்கு" என்பார். அடுத்து "எந்த மென்பொருள்ல செஞ்சீங்க?" என்பார். அந்தக் கேள்வி வந்தால், கேட்க வேறெதுவும் அகப்படவில்லை என்று அர்த்தம்.

ஒரு தங்கச்சியிடம் மூன்று வேலைகளை மட்டும் கதையாகச் சொல்லச் சொன்னேன். முக்கால் மணி நேர நேர்முகத்தில் ஒரு கதைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மிச்சம் கேள்விகளுக்கு. மற்றப் படங்கள் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கட்டும், கேட்டால் திறக்கலாம். முதல் கதையாக நான் எடுத்தது, ஒரு தோட்டத்துக்கு அவள் திருத்திக் கொடுத்த சம்பளத் துண்டு.

"அண்ணே, இது கறுப்பு வெள்ளைக் கடதாசி. இதையா முதல்ல காட்டுறது?"

இதைத்தான். பழைய துண்டில் கழிவுகளெல்லாம் குறியீட்டு எழுத்துகளாக ஒரே வரிசையில் கிடந்தன. சம்பள நாளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் "ஏன் இவ்வளவு வெட்டியிருக்கு?" என்று ஒபீஸ் வாசலில் நின்றார்கள். அவளுடைய முதல் வரைவு வர்ணத்தில் இருந்தது. தோட்டத்திலோ பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர், ஒரே கறுப்பு மை, தமிழும் சரியாக வராது. ஆகவே தமிழ்த் தலைப்புகளை அச்சகத்தில் முன்கூட்டியே அச்சடித்து, இலக்கங்களை மட்டும் பிரிண்டர் நிரப்பும்படி செய்தாள். பேர், கிலோ, கழிவு, கைக்கு வருவது என்ற ஒழுங்கு. பிறகு சிலரிடம் துண்டைக் கொடுத்து, "தீவாளி அட்வான்சுக்கு எவ்வளவு வெட்டியிருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள். விரல் எங்கே தடுமாறியதோ அங்கே கோடு மாறியது.

கைவிட்ட அந்த வர்ண வரைவுக்கும் ஒரு ஸ்லைடு வைக்கச் சொன்னேன். ஏன் கைவிட்டாய் என்று கேட்பவருக்கு அங்கேதான் பிடி கிடைக்கும். துண்டிலுள்ள பெயரையும் தொகையையும் கட்டாயம் மறைக்க வேண்டும். "நாங்க செஞ்சோம்" என்ற இடங்களில் யார் எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தலைப்புகளுக்குச் சொல் தந்தவர் ஒபீஸ் கிளார்க். விளைவு விஷயத்தில் அவள் "கேள்விகள் பாதியாகக் குறைந்தன" என்று எழுதியிருந்தாள். யாரும் எண்ணவில்லை. "இப்ப வாசல்ல கூட்டம் குறைவுன்னு கிளார்க் சொன்னார்" என்று மாற்றினோம்.

இரண்டாவது கதை மும்மொழித் தேயிலை லேபல். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் சின்னப் பக்கெட்டில் அடக்கிய இடநெருக்கடி அதில் போதும். மூன்றாவது, வாடிக்கையாளர் பாதியில் நிறுத்திய வேலை. அதை விட்டுவிடவா என்று கேட்டாள். நான் விடவில்லை, வாடிக்கையாளரைக் குறை சொல்லாமல் எது வரை வந்தது, எதை முடிவு செய்ய முடியாமல் போனது என்று ஐந்தே நிமிடத்தில் சொன்னால் போதும் என்றேன்.