எட்டாயிரம் ரூபாயும் ஏழாவது பிரிவும்

தம்பியின் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கொழும்பில் உள்ள ஓர் அறக்கட்டளையின் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த அன்று, எங்கள் வீட்டில் எல்லோரும் வாசித்தது ஒரே ஒரு வரியைத்தான். மாதம் 8,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு. அம்மா அந்தத் தாளைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். கூடவே பின் அடித்திருந்த மூன்று பக்கங்களை அன்றைக்கு யாரும் புரட்டவில்லை.

நாங்கள் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் தள்ளி, ஒரு தோட்டத்தில் லயத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மலையில் வேலை. எங்களுக்கு வரும் தபால் நேராக வீட்டு வாசலுக்கு வராது. தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது இந்தப் பக்கம் வரும்போதுதான் கைக்கு வரும். கடிதத்தின் திகதி மார்ச் 4. எங்கள் கைக்கு வந்தது 13. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மறுநாள் ராத்திரி நான் அந்த மூன்று பக்கங்களோடு உட்கார்ந்தபோது கண்ணில் பட்ட முதல் விஷயம், சம்மதப் படிவத்தைக் ‘கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள்’ திருப்பி அனுப்ப வேண்டும் என்பது. கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல. அப்படியானால் 18ஆம் திகதிக்குள் அது கொழும்பில் இருக்க வேண்டும். தம்பி படிவத்தில் கையெழுத்துப் போட்டான், படம் எடுத்து அன்றைக்கே ஈமெயிலில் அனுப்பினோம், அசலைப் பதிவுத் தபாலில் போட்டு ரசீதை எடுத்து வைத்தோம்.

கடிதம் முழுக்க ஆங்கிலம். ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும். ஆனால் இந்த ஆங்கிலம் வேறு. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் படிப்பித்த ஆங்கில சேரிடம் கொண்டுபோனேன். அவர் அர்த்தம் சொல்வதற்கு முன்னால் ஒரு பென்சிலைக் கையில் கொடுத்து, “முதல்ல ‘ஷால்’ வர்ற இடத்துல எல்லாம் கோடு போடு, ‘மே’ வர்ற இடத்துல வட்டம் போடு” என்றார். ‘மே’ என்றால் அவர்கள் யோசித்து முடிவெடுக்கலாம், நாம் காரணம் சொல்ல இடம் இருக்கிறது. ‘ஷால்’ என்றால் அது நடந்தே தீரும், யாரும் உட்கார்ந்து யோசிக்கப் போவதில்லை.

கோடும் வட்டமும் போட்டு முடித்தபோதுதான், நாங்கள் பயந்துகொண்டிருந்தது தவறான இடத்தில் என்று தெரிந்தது. எங்கள் பயம் எல்லாம் புள்ளியைப் பற்றி. ஆறாவது பிரிவு புள்ளி. அதில் இருந்தது வட்டம்: ஜி.பி.ஏ. என்ற சராசரிப் புள்ளி 2.75க்குக் குறைந்தால் அறக்கட்டளை உதவியை மீளாய்வு செய்யலாம், இடைநிறுத்தலாம், விலக்கிக்கொள்ளலாம். ஏழாவது பிரிவு முன்னேற்ற அறிக்கை. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 31க்குள் பெறுபேற்றுப் பத்திரத்தோடு அறிக்கை வராவிட்டால் உதவி ‘ஷால் லாப்ஸ்’. நிறுத்தப்படும் என்றுகூட இல்லை, தானாகவே காலாவதியாகிவிடும். அறிவித்தல் இல்லை, விளக்கம் கேட்பது இல்லை. புள்ளி குறைந்த பிள்ளைக்குப் பேச ஒரு வழி இருக்கிறது. நல்ல புள்ளி எடுத்துவிட்டுத் தாள் அனுப்பப் பிந்திய பிள்ளைக்கு இல்லை.

இதில் உள்ள சிக்கல், பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் அறக்கட்டளையின் நாட்காட்டியும் ஒன்றல்ல என்பது. தம்பியின் பீடத்தில் முதல் வருடம் நவம்பரில் முடியும். இரண்டாம் செமஸ்டர் பெறுபேறு ஏப்ரலுக்கு முன்னால் வராது என்று சீனியர் பிள்ளைகள் சொன்னார்கள். வராத பெறுபேற்றை ஜனவரியில் எப்படி அனுப்புவது? சேர் சொன்ன வழி இதுதான். திகதி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். பெறுபேறு வெளியாகாத நேரத்தில், பீடத்தின் உதவிப் பதிவாளரிடமிருந்து ‘இன்னும் வெளியிடப்படவில்லை’ என்று ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் ஏழாவது பிரிவு நிறைவேறியதாக எடுத்துக்கொள்வீர்களா என்று. போனில் கேட்டால் யாராவது ஒருவர் ‘ஆமாம் ஆமாம்’ என்பார். அவர் அடுத்த வருடம் அங்கே இருக்கமாட்டார். ஈமெயிலில் கேட்டோம். ஒரு கிழமையில் ‘ஏற்றுக்கொள்வோம், பெறுபேறு வந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தை அனுப்ப வேண்டும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துக் கடிதத்தோடேயே பின் அடித்து வைத்திருக்கிறேன்.

சரி, புள்ளிக்கு வருவோம். அங்கேயும் ஒரு குழப்பம் இருந்தது. ஆறாவது பிரிவில் 2.75 ‘ஒவ்வொரு கல்வியாண்டிலும்’ என்று இருந்தது. கடைசியில் இணைத்திருந்த அறிக்கைப் படிவத்தில் ‘செமஸ்டர் ஜி.பி.ஏ.’ என்று கட்டம் போட்டிருந்தார்கள். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான். தம்பியின் முதல் செமஸ்டர் வந்தபோதுதான் அதன் பெறுமதி தெரிந்தது.

ஆறு பாட அலகுகள். மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்றில் சி, பி மைனஸ், சி பிளஸ். இரண்டு கிரெடிட் பாடங்கள் இரண்டில் ஏ மைனஸ், பி. ஒரு கிரெடிட் செய்முறையில் ஏ. அவனுடைய பீடத்தில் இவற்றின் பெறுமதி வரிசையாக 2.0, 2.7, 2.3, 3.7, 3.0, 4.0. நான் கடைக்கணக்கு மாதிரி எல்லாவற்றையும் கூட்டி ஆறால் பிரித்தேன். 17.7 ÷ 6, அதாவது 2.95. தப்பித்தோம் என்று அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டேன்.

அது பிழை. ஒவ்வொரு பெறுமதியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். 6 + 8.1 + 6.9 + 7.4 + 6 + 4 = 38.4. மொத்தக் கிரெடிட் 14. 38.4 ÷ 14 = 2.74. எல்லைக்கு 0.01 கீழே. அவன் நன்றாகச் செய்தவை எல்லாம் சின்னப் பாடங்கள், சறுக்கியவை எல்லாம் பெரிய பாடங்கள், அதுதான் காரணம். ராத்திரி பத்து மணிக்குத் தம்பி போன் எடுத்து, “அக்கா, ரிப்பீட் எழுதவா?” என்றான். அவனுடைய பீடத்தில் ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சிக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். அவன் குறைவாக எடுத்ததே சிதான். எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை.

செமஸ்டரா வருடமா என்று எழுதிக் கேட்டோம். பதில்: வருடம். படிவத்தில் இருக்கும் செமஸ்டர் கட்டம் அவர்களுடைய பதிவுக்கு மட்டும். இரண்டாம் செமஸ்டரில் அவனுக்கு அதே 14 கிரெடிட்டில் 42.7 வந்தது, தனியாகப் பார்த்தால் 3.05. இரண்டையும் சேர்த்து 81.1 ÷ 28 = 2.90. செமஸ்டர் கணக்கென்றால் அவன் முதல் ஆறு மாதத்திலேயே மீளாய்வுக்குப் போயிருப்பான்.

இன்னொரு பிரிவு, அறக்கட்டளையின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் வேறு புலமைப்பரிசில் பெறக்கூடாது என்றது. அப்போது தம்பிக்கு மகாபொல 5,000 ரூபாயும் கிடைக்க இருந்தது. வங்கியில் முதல் காசு விழுவதற்கு முன்னாலேயே சம்மதம் கேட்டு எழுதினோம், தந்தார்கள். அதில் பெரிய கதை இல்லை. பிரிவில் ‘முன்கூட்டிய’ என்ற சொல் இருந்ததை மட்டும் கவனித்தோம். காசை வாங்கிவிட்டுப் பிறகு கேட்டிருந்தால் அதுவே மீறல்.

பதினோராவது பிரிவுதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. குடும்ப வருமானத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் வந்தால் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் போட்டபோது நான் வேலையில் இல்லை. அதில் எழுதியது அப்பா, அம்மாவின் சம்பளச் சீட்டும் கிராம சேவகர் கையெழுத்தும் மட்டும். கடிதம் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன்னால்தான் எனக்குக் கடையில் வேலை கிடைத்தது. ஆக, அந்த மாற்றமே நான்தான்.

“ஏம்மா, நீயே போய்ச் சொல்லணுமா? ஒங் காசு வீட்டுக்கு எவ்வளவு வருதுன்னு அவனுங்களுக்கு எங்க தெரியப் போவுது?” என்று அப்பா கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பஸ் செலவும் சாப்பாடும் போக நான் வீட்டுக்குக் கொடுத்தது கொஞ்சம். ஆனால் விலக்கிக்கொள்வதைப் பற்றிய பன்னிரண்டாவது பிரிவைத் திரும்பத் திரும்ப வாசித்திருந்தேன். புள்ளி குறைந்தால், பாடநெறி மாறினால், படிப்பை இடைநிறுத்தினால் மேலே வரவேண்டிய காசு மட்டும் நிற்கும். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கும் இடம் ஒன்றே ஒன்று. தகவலைப் பொய்யாகச் சொன்னாலோ மறைத்தாலோ. அதற்கும் ‘ஷால்’. மூன்றாம் வருடத்தில் யாராவது கண்டுபிடித்தால் 8,000த்தை முப்பது மாதத்தால் பெருக்கிக் கட்ட வேண்டும், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அப்பாவிடம் சட்டம் பேசவில்லை, அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி, அனுப்பு” என்று வெளியே போய்விட்டார்.

நான் வேலை பார்க்கும் கடையிலிருந்து சம்பளக் கடிதம் வாங்கி, பஸ் செலவையும் எழுதி அனுப்பினேன். இரண்டு கிழமை பதிலே இல்லை. அந்த இரண்டு கிழமையும் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் இரண்டு வரியில் வந்தது: குறித்துக்கொண்டோம், தொகையில் மாற்றம் இல்லை.

முதல் ஜனவரியில் உதவிப் பதிவாளரின் கடிதத்தை 20ஆம் திகதியே அனுப்பிவிட்டோம். ஏப்ரலில் பெறுபேறு வந்தது, பத்திரம் மே முதல் கிழமையில் போனது. ஜூன் மாதம் இரண்டாம் வருடத்துக்கான புதுப்பித்தல் கடிதம் வந்தது. இந்த முறை தம்பியின் விடுதி விலாசத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். அவன் அன்றைக்கு இரவே போன் எடுத்தான். காசைப் பற்றிச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

“அக்கா, பென்சில் எடுங்க. ஏழாவதுல திகதியை மாத்தியிருக்காங்க. டிசம்பர் 31ஆம்.”