நடந்துகொண்டே படிக்க 25 சொல்

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வைக்கும் தகவல் பலகைகளுக்கு வாசகம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். பலகை எட்டு. பத்து நாளில் முடித்துவிடலாம் என்று போனேன், மூன்று மாதம் ஆனது.

முதலில் நான் எழுதிக் கொடுத்ததை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் நூற்றைம்பது சொல். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று மூன்று நாடும் தவறாமல் வந்தன. ஓட்டல்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏ4 தாளில் அச்சடித்து, அந்தந்த இடத்தில் ஒட்டிவிட்டு, நான் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பெட்டியோடு வந்தவர்கள் தலைப்பைப் பார்த்தார்கள், இரண்டாவது வரி வரை போனார்கள், நகர்ந்துவிட்டார்கள். ஒரே ஒருவர் நின்று முழுக்கப் படித்தார். அவரும் அறைச் சாவிக்காகக் காத்திருந்தவர்.

சாயங்காலம் கைபேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். முகப்பிலிருந்து, உள்ளே முற்றம் இருக்கும் வளவுக்குப் போகிறவர் ஒரு பலகையைக் கடக்க ஏழெட்டு விநாடி. ஆர்வம் வந்து நடையைத் தளர்த்தினால் பன்னிரண்டு. நானே எழுதியதை வாய்விட்டுப் படித்தால் பதினைந்து விநாடிக்கு 25 சொல்தான் தாண்டியது. மனசுக்குள் படித்தால் இன்னும் கொஞ்சம் வேகம். ஆக, பலகைக்கு 25 சொல் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். நூற்றைம்பதிலிருந்து இருபத்தைந்துக்கு வெட்டி வெட்டிக் கொண்டுவர முடியாது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பலகை வரப்போகும் இடத்தில் போய் நின்று, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதிலிருந்து புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

அந்த மூன்று நாடும் முதலில் போயின. வருகிறவர்கள் அதைக் காரிலேயே ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். ஓட்டல்காரர் வைக்கச் சொன்ன ‘யுனெஸ்கோ’வும் போயிற்று. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தது தற்காலிகப் பட்டியலில். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி அதனால் வந்துவிடாது. இந்த வித்தியாசத்தை விளக்கவே 25 சொல்லுக்கு மேல் வேண்டும். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பெரிய சண்டை வீட்டின் வயசில் வந்தது. ஓட்டலின் விளம்பரத் தாளில் ‘150 ஆண்டுப் பழமை’ என்று போட்டிருந்தார்கள். முகப்பின் உச்சியில், சுதைப் பொம்மைகளுக்கு நடுவே, சுண்ணாம்பு அடித்து அடித்து மங்கிப்போன ஓர் எழுத்து வரி. ஏணி வைத்து ஏறி, ஈரத் துணியால் துடைத்துப் படித்தேன்: ‘விளம்பி வருஷம் தை மாதம்’. விளம்பி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 2018 சித்திரையில் பிறந்ததும் விளம்பிதான். அதிலிருந்து பின்னால் போனால் 1958, 1898, 1838. எது? வீட்டில் எண்பது தாண்டிய ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். “பெட்டகத்துல கொத்தனார் கணக்கு இருக்கும், பாருங்க தம்பி” என்றார். இருந்தது. கூலி எழுதிய நீள நோட்டில் தமிழ் மாதத்தோடு இங்கிலீஷ் தேதியும் போட்டிருந்தார்கள், 1898. அத்தோடு நிறுத்தியிருந்தால் நானே தப்பாகப் போட்டிருப்பேன். 1898 சித்திரையில் பிறந்த விளம்பியின் தை மாதம், ஆங்கிலக் கணக்கில் 1899 ஜனவரியில்தான் வரும். பழைய வீடுகளில் தமிழ் ஆண்டை மாற்றும்போது தை, மாசி, பங்குனி என்றால் ஓர் ஆண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். பலர் இதில்தான் வழுக்குகிறார்கள். முகப்புப் பலகை இப்படி ஆயிற்று:

‘நிமிர்ந்து பாருங்கள். உச்சியில் “விளம்பி வருஷம் தை மாதம்” என்று இருக்கிறது. ஆங்கிலக் கணக்கில் அது 1899. இந்த வீட்டின் வயசு அதுதான்.’

150 போனதில் ஓட்டல்காரருக்கு மனசில்லை. ஆனால் விருந்தாளிகள் வாசலில் கழுத்தை நிமிர்த்தி அந்த வரியைத் தேடுவதைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நிலைவாசல் பலகை தானாக அமைந்தது. இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கதவுகளை எல்லாம் திறந்து வைத்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நிலைக்குள் நிலையாகச் சிறுத்துக்கொண்டே போய், கோடியில் வெளிச்சமாக ஒரு கட்டம் தெரியும். ‘இங்கிருந்து நேரே பாருங்கள். கடைசியில் தெரியும் வெளிச்சம் அடுத்த தெரு.’ அவ்வளவுதான். இதில் ஒரு சிக்கல்: மத்தியானம் சமையல்காரர்கள் பின்கதவைச் சாத்திவிட்டால் பலகை பொய் சொல்லும். சமையற்கட்டில் சொல்லி வைத்தோம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத்துக்கு: ‘இந்தத் தரைக்கல் சூளையைப் பார்த்ததில்லை. கண்ணாடி மேல் வண்ணத்தை ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்தது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.’ முதலில் வடிவங்களின் பெயர்களைப் பட்டியலிட்டிருந்தேன். பூவைக் காலடியிலேயே பார்க்கிறவருக்கு அதன் பெயரை எதற்குச் சொல்வது?

சுவருக்கு எழுதியதில்தான் அடி வாங்கினேன். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்ந்த காரை, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. தொட்டால் பளிங்கு மாதிரி வழவழப்பு. எனவே ‘தொட்டுப் பாருங்கள்’ என்று முடித்திருந்தேன். ஒரே வாரத்தில் நெஞ்சு உயரத்தில் எண்ணெய்க்கை கறுப்பு ஒன்று, தட்டு அகலத்துக்கு. கொத்தனார் ஈரத்துணி வைத்துத் துடைத்ததில் பாதிதான் போயிற்று. இப்போது ‘பக்கவாட்டில் நின்று பாருங்கள், சன்னல் வெளிச்சம் சுவரில் தெரியும்’ என்று மாற்றியிருக்கிறோம்.

எழுத்தின் அளவுக்கும் இரண்டு நாள் போயிற்று. தமிழில் ‘சூ’, ‘கூ’ மாதிரி எழுத்துகளின் சுழிகள் சின்ன அளவில் அடைபட்டுப் போகும். மேலே விசிறி, கீழே சுழி என்பதால் வரிகளை நெருக்கவும் முடியாது. நாலு அளவில் அச்சடித்து, ஆச்சியை ஆறடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி போடாமல் அவர் தடுமாறாமல் படித்த அளவுதான் முடிவானது. கூடத்தை ‘பட்டாசாலை’ என்று நான் எழுதியிருந்ததை, “நாங்க பட்டாலைன்னுதான் சொல்லுவோம்” என்று அங்கேயே திருத்தினார். பலகைகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டவில்லை. ஆணி இறங்கினால் பழைய காரை வட்டமாகப் பெயர்ந்து வரும். எல்லாம் காலுள்ள தாங்கியில் நிற்கின்றன.

ஏழு பலகை வைத்தாயிற்று. எட்டாவது வளவுக்கு. முற்றத்தைச் சுற்றி இருக்கும் சின்ன அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. மணமானதும் அவர்களை ‘வேறு வைப்பார்கள்’, அரிசி பருப்பு தனி, அடுப்பும் தனி. வாசகத்தை ஆச்சி வாயிலிருந்தே எடுத்தேன்: ‘ஒரே வீடு, அறைக்கு ஓர் உலை.’ ஆனால் இரண்டு அறைகள் இன்னும் பங்காளிகள் பூட்டில் இருக்கின்றன. அவர்கள் சம்மதம் சொல்லும் வரை அந்தத் தாங்கியை வெறுமனே வளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகள் அதில் தொப்பியை மாட்டுகிறார்கள்.