டிரெட்மில் குடித்த கரண்ட்டும் நான் தின்ற வடையும்

எங்கள் வீட்டு டிரெட்மில்லில் இந்த ஒன்றரை வருஷத்தில் என்னைவிட அதிக நேரம் இருந்தவை ஈரத் துண்டுகள். போன மாதம் கொழுப்பு ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும், துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு நான் ஏறினேன். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம், அரை மணி நேரம். இறங்கியபோது திரையில் 165 கலோரி.

"இவ்வளவுதானா? இதுக்கா இப்படி வேர்த்துச்சு?" என்று புலம்பியது மச்சினன் காதில் விழுந்துவிட்டது. எலக்ட்ரீஷியன். பிளக்கில் செருகினால் எத்தனை வாட்ஸ் ஓடுகிறது என்று காட்டும் மீட்டரோடு மறுநாளே வந்து நின்றான். நான் நடக்க நடக்க, அது 480 வாட்ஸ் என்றது.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிளஸ் டூ பிசிக்ஸ் எழுந்துகொண்டது. கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட், நாம் சாப்பாட்டுக்குச் சொல்கிற கலோரியில் 860. அரை மணி நேரத்தில் 0.24 யூனிட், அதாவது 206 கலோரி! திரை என்னை ஏமாற்றியிருக்கிறது என்று அறிவித்துவிட்டு, தட்டிலிருந்த இரண்டாவது மெதுவடையை எடுத்தேன்.

"கொஞ்சம் இறங்குங்க" என்றாள் வீட்டம்மா. இரண்டு பக்கமும் கால் வைக்க விளிம்பு இருக்கிறதே, அதில் ஏறி நின்றேன். பெல்ட் பாட்டுக்கு ஓடியது. மீட்டரில் 190 வாட்ஸ்.

"இப்ப யாருமே நடக்கல. யாரோட வடை கரையுது?"

வடை பாதி வாயில் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

மச்சினன் விளக்கினான். "மாமா, அது மோட்டார் குடிக்கிற கரண்ட். உங்க கால் அழுத்துறப்ப பெல்ட் பலகையில உரசுது, அந்த உரசலைத் தாண்டி இழுக்கத்தான் மீதி வாட்ஸ். நாளைக்கே பெல்ட்டுக்கு அடியில சிலிக்கான் ஆயில் விட்டா மீட்டர் இறங்கும். அதுக்காக உங்க தொப்பை ஏறிடுமா?"

நம்பாத முகத்தைப் பார்த்து, மேடு ஏறுவதுபோல் 10 சதவீதச் சாய்வை வைத்தான். ரெண்டே நிமிஷத்தில் நாக்கு தள்ளியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தால், 480 போய் 390. நான் சாகிறேன், கணக்கு குறைகிறது!

இதுதான் எனக்குப் பிடித்த இடம். சாய்ந்த பெல்ட்டை என் 72 கிலோவே கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த அளவுக்கு மோட்டாருக்கு வேலை மிச்சம். அதாவது மோட்டாருக்கு நான் இலவசமாக ஆள் வேலை பார்த்திருக்கிறேன்! அந்த வேகத்தில் அந்த மேடு ஏற ஆகும் வேலை சுமார் 98 வாட்ஸ். அரை மணி நேரம் ஏறினால் 42 கலோரி. ஆனால் நம் உடம்பு மகா ஊதாரி. தின்றதில் கால் பங்குதான் வேலையாகிறது, மீதி சூடாக, வேர்வையாகப் போய்விடும். அதனால் வயிற்றிலிருந்து செலவாவது நாலு மடங்கு, ஏறக்குறைய 170. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, நான் ஏறியது மொத்தமே நாலு நிமிஷம் என்று மச்சினன் ஞாபகப்படுத்தும் வரை. 22 கலோரி. அதிலும் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு ஏறியதற்கு எவ்வளவு கழிப்பது என்று அவன் பேச்சை எடுத்தபோது, நான் பேச்சை மாற்றினேன்.

"சரி, சமதளத்துல நடந்ததுக்கு?"

சமதளத்தில் உயரம் ஏறவில்லை, அதனால் வாட்ஸ் வைத்து அளக்கப் பிடி கிடைக்காது. அங்கே மூச்சுதான் கணக்கு. வேகத்தையும் எடையையும் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. மெஷினும் அந்த மாதிரிதான் மதிப்பிடுகிறது, எதையும் அளப்பதில்லை. என் வேகத்துக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு 11.8 மில்லி. 72 கிலோவுக்குப் பெருக்கினால் 0.85 லிட்டர். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு 5 கலோரி என்று வைத்தால், அரை மணி நேரத்துக்கு 128.

"அப்ப திரையில ஏன் 165?"

"எடை போட்டீங்களா, மாமா?"

போடவில்லை. மெஷின் தானாக யாரோ ஒரு குண்டு மனுஷனை மனசில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது. அவர் யாரானாலும் நல்லா இருக்கட்டும்.

மச்சினன் அத்தோடு விடவில்லை. அந்த 128-ல் 38, சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்திருந்தாலே செலவாகியிருக்குமாம். நடந்ததற்கென்று கிடைத்த கூலி 90 கலோரி. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஆக 10 கிராம் எண்ணெய்.

வீட்டம்மா எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போனாள். சின்ன ஸ்பூனால் ரெண்டே ரெண்டு ஸ்பூன் எண்ணெயை ஒரு டம்ளரில் விட்டுக் கொண்டுவந்து, டிரெட்மில்லில் தண்ணி பாட்டில் வைக்கிற குழியில் வைத்தாள். டம்ளரின் அடியே சரியாக நனையவில்லை. பக்கத்தில், வடை வைத்திருந்த பேப்பர், முக்கால்வாசி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"வடை வேணும்னா இன்னும் ரெண்டு இருக்கு" என்றாள். "ஆனா முதல்ல இறங்குங்க, துண்டு காயப்போடணும்."