வயதுக் கணக்கில் எந்த வாக்கியத்தைச் சரிபார்ப்பது?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். அதற்கான மாலை வகுப்புகளில் பல வருடங்களாகக் கணக்கு எடுத்து வருகிறேன். வட்டி, வேலையும் நேரமும் என்றால் சூத்திரம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வயதுக் கணக்குக்கு அப்படித் தனியாகச் சூத்திரம் இல்லை. வாக்கியத்தை வாசித்துச் சமன்பாடாக எழுதத் தெரிந்தால் போதும். தவறு நடப்பதும் அங்கேதான்.

வகுப்பில் நான் அடிக்கடி கொடுக்கும் கணக்கு இது: 4 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 5 மடங்கு. 4 ஆண்டுகளுக்குப் பின் அது 3 மடங்காக இருக்கும். தந்தையின் தற்போதைய வயது என்ன? விடைகள் 24, 40, 44, 48.

முதலில் x எந்தக் காலத்து வயது என்று முடிவு செய்ய வேண்டும். மகனின் இப்போதைய வயதை x என்று வைத்தாலும் விடை வரும். 5(x − 4) என்று அடைப்புக்குறியோடும் கழித்தலோடும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். 4 ஆண்டுகளுக்கு முந்தைய வயதை x என்று வைத்தால், தந்தை அப்போது 5x. முதல் வாக்கியம் அதோடு முடிந்தது. அந்தக் காலத்திலிருந்து 4 ஆண்டுகளுக்குப் பின் என்ற காலத்துக்குப் போக, இப்போது வரை 4, இனிமேல் 4, ஆக 8 வருடம். இருவருக்கும் 8 கூடும்:

5x + 8 = 3(x + 8)

2x = 16, x = 8. அப்போது மகனுக்கு 8, தந்தைக்கு 40. இப்போது 12, 44. விடை 44. அவசரத்தில் 5x கண்டுபிடித்ததுமே 40-ஐக் குறித்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ஆகவே நோட்டில் முதல் வரியாக "x = 4 ஆண்டுக்கு முன் மகன் வயது" என்று முழுதாக எழுதச் சொல்கிறேன். வெறுமனே "x = மகன்" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

பகலில் தையல் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வகுப்புக்கு வரும் ஒரு பெண் இதே கணக்குக்கு 24 என்று விடை சொன்னார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 5x + 4 = 3(x + 4) என்று இருந்தது. 2x = 8, x = 4; இப்போது மகன் 8, தந்தை 24.

"சமன்பாட்டுல போட்டுப் பார்த்துட்டேன் சார், ரெண்டு பக்கமும் 24 வருது. 4 வருஷத்துக்கு முன்னாடி 4, 20. அஞ்சு மடங்கும் சரியா இருக்கு."

இரண்டும் உண்மை. ஆனால் அவர் எழுதிய சமன்பாட்டிலேயே அவர் விடையைப் போட்டால் அது பொருந்தத்தான் செய்யும். வாக்கியத்தைச் சமன்பாடாக்கிய விதம் தவறா என்பதை அது காட்டாது. முதல் வாக்கியமும் அப்படியே. தந்தையை 5x என்று எழுதிவிட்டபின் x என்னவாக இருந்தாலும் 5 மடங்கு தானாக வந்துவிடும். சோதிக்க வேண்டியது பெயர் வைக்கப் பயன்படாத இரண்டாவது வாக்கியத்தை. அதுவும் கேள்வித்தாளில் உள்ள வாக்கியத்தையே எடுத்து, எண்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். "4 வருஷம் கழிச்சு என்ன ஆகும்மா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, "12, 28" என்றார். 12-இன் 3 மடங்கு 36. அவரே நோட்டை இழுத்து 4-ஐ அடித்துவிட்டு 8 என்று எழுதினார்.

44-க்கு இதே சோதனை: 4 ஆண்டுகள் கழித்து 16, 48. 3 மடங்கு. வயது வித்தியாசம் எல்லாக் காலத்திலும் 32 ஆகவே நிற்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். ஒருவருக்கு மட்டும் வருடத்தைக் கூட்டியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

சில தவறுகள் தாமாகவே வெளியே வரும். அடைப்புக்குறியை விட்டு 5x + 8 = 3x + 8 என்று எழுதினால் x பூஜ்ஜியம். மடங்கைத் தந்தை பக்கம் போட்டால் x குறை எண்ணாகும். இவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 24 போல நல்ல முழு எண்ணாக வந்து, விடைப் பட்டியலிலும் இருப்பதுதான் ஆபத்து.

விடைகளைப் போட்டுப் பார்த்தே முடிக்கலாமே என்று கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம். 4 கழித்தால் 5-ஆல் வகுபட வேண்டும் என்று பார்த்தாலே 40-ம் 48-ம் போய்விடும். மீதி 24, 44. இவற்றுள் எது என்று சொல்வதும் அதே இரண்டாவது வாக்கியம்தான்.

குடும்பத்தின் மொத்த வயது என்று வரும் கணக்குகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தாய், தந்தை, 3 வயதுக் குழந்தை, மூவரின் வயதுக் கூடுதல் 60. 5 ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடும்பத்தின் மொத்த வயது என்ன? ஆளுக்கு 5 கழித்து 45 என்று எழுதுகிறார்கள். அப்போது குழந்தை பிறக்கவே இல்லை. பெற்றோர் இருவரின் இன்றைய வயது 57, அதில் 10 போக 47.